கையிருப்பு குறைவான கம்பெனியில் நிறுவனர் எவ்வளவு சம்பளம் எடுக்கலாம்?

கோயம்புத்தூரில் இரண்டு நண்பர்கள் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறார்கள். மோட்டார் பம்ப் டீலர்கள் தங்களுடைய சர்வீஸ் வேலைகளைப் பதிவு செய்து வைக்க ஒரு மென்பொருள். 11 டீலர்கள் ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் கட்டுகிறார்கள். வங்கியில் 26 லட்சம் இருந்தது. முதல் ஐந்து மாதம் இருவரும் சம்பளமே எடுக்கவில்லை. ஆறாவது மாதம் ஒருவர் வீட்டில் பள்ளிக் கட்டணம் கட்டவேண்டிய நேரம் வந்தது. அப்போதுதான் "சரி, நாம எவ்வளவு எடுத்துக்கலாம்?" என்ற பேச்சு வந்தது. என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அன்று போட்ட கணக்கை அப்படியே இங்கே தருகிறேன். உங்கள் எண்களை அதில் போட்டுப் பார்க்கலாம்.

இது பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கான வழி. எல்.எல்.பி. அல்லது கூட்டு நிறுவனம் என்றால் பங்குதாரர் எடுப்பது சட்டத்தின் பார்வையில் சம்பளமே இல்லை, வரி விதிகளும் வேறு. வீட்டுக் கணக்கும் கையிருப்புக் கணக்கும் மட்டும் அங்கேயும் பொருந்தும்.

முதலில் வீட்டுக் கணக்கு

பெரும்பாலானோர் பழைய வேலையில் வாங்கிய சம்பளத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். "அங்கே 85,000 வாங்கினேன், இங்கே பாதி போதும்" என்பார்கள். அந்தப் பாதிக்கு எந்த அடிப்படையும் கிடையாது. வீடு ஓட மாதம் எவ்வளவு வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். கடந்த ஆறு மாத வங்கிப் பதிவையும் கிரெடிட் கார்டு பில்லையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனக்கணக்கு எப்போதும் குறைவாகவே வரும். வீட்டில் செலவைக் கவனிப்பவரும் கூட உட்காரவேண்டும்.

நண்பர்களில் ஒருவருக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். அவர் கணக்கு இப்படி வந்தது: வாடகை 14,000. மளிகை, பால், காஸ், கரண்ட் எல்லாம் சேர்த்து 15,000. பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு 60,000, அதாவது மாதத்துக்கு 5,000. மருத்துவக் காப்பீடும் ஆயுள் காப்பீடும் வருடத்துக்கு 36,000, மாதத்துக்கு 3,000. அப்பா அம்மா மருந்துக்கு 3,000. பைக் கடன் தவணை 4,000. பெட்ரோலும் போனும் 4,000. பண்டிகை, மொய், திடீர்ச் செலவுக்கு 4,000. மொத்தம் 52,000. மனைவி சம்பளம் 18,000 வருகிறது. மீதம் 34,000 அவர் கொண்டுவரவேண்டும்.

முதலில் அவர் எழுதிய தொகை 26,000. பள்ளிக் கட்டணத்தையும் காப்பீட்டையும் விட்டுவிட்டார், "அது மாதாமாதம் வராதே" என்று. வருடத்துக்கு ஒருமுறை வரும் இந்தச் செலவுகள்தான் நிறுவனரைச் சரியாக எட்டாவது மாதம் கிரெடிட் கார்டிடம் கொண்டுபோய் நிறுத்தும். அவருக்கு 3 லட்சம் வைப்புநிதி இருந்தது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அது ஆஸ்பத்திரிக்கான பணம், மாதச் செலவுக்கானது இல்லை.

இன்னொருவர் பெற்றோருடன் இருக்கிறார். வீட்டுக்கு 10,000, கல்விக்கடன் தவணை 8,000, தன் செலவு 9,000, காப்பீடு 1,000. ஆக 28,000.

இருவருக்கும் சேர்த்து 62,000. இதற்குக் கீழே இறங்கினால் வீடு கடனில் ஓடும்.

கம்பெனிப் பணத்தில் எது உங்களுடையது?

வங்கியில் 26 லட்சம் இருந்ததே தவிர, அதில் அடுத்தவர் பணமும் கலந்திருந்தது. வாடிக்கையாளரிடம் வாங்கி அரசுக்குக் கட்டவேண்டிய ஜி.எஸ்.டி. 1.3 லட்சம். பிடித்துவைத்த டி.டி.எஸ். 30,000. ஒரு டீலர் தனியாகக் கேட்ட வேலைக்குக் கொடுத்த முன்பணம் 2.4 லட்சம். அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை. இந்த 4 லட்சத்தைக் கழித்தால் 22 லட்சம். இதைத்தான் கையிருப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, நிறுவனர் சம்பளம் இல்லாமல் மாதச் செலவு. இரண்டு ஊழியர்களுக்கு 70,000, அலுவலக வாடகை 18,000, சர்வரும் இன்டர்நெட்டும் 12,000, பயணம் 15,000, ஆடிட்டர் மற்றும் கம்பெனித் தாக்கல்களின் மாதச் சராசரி 10,000. மொத்தம் 1,25,000. வரவு 55,000. வரவு என்பது ஜி.எஸ்.டி. நீங்கலாக, கடந்த மூன்று மாதத்தில் வங்கிக்கு உண்மையில் வந்த பணத்தின் சராசரி. அனுப்பிய பில்லை வரவில் சேர்க்காதீர்கள். "அடுத்த மாதம் கண்டிப்பா வந்துடும்" என்பதையும் சேர்க்காதீர்கள்.

ஆக, நிறுவனர் சம்பளம் இல்லாமலே மாதம் 70,000 குறைகிறது. இருவரும் பழைய சம்பளமான 85,000-ஐ எடுத்தால் மாதம் 2,40,000 குறையும், 22 லட்சம் ஒன்பது மாதத்தில் தீரும். ஆளுக்கு 60,000 எடுத்தால் பதினொன்றரை மாதம். வீட்டுத் தேவையான 62,000-ஐ மட்டும் எடுத்தால் மாதம் 1,32,000 குறையும், பதினாறரை மாதத்துக்கு மேல் தாங்கும்.

இனி கேள்வி, எத்தனை மாதம் தாங்கவேண்டும்? இதற்குப் பொதுவான விடை இல்லை, கம்பெனி அடுத்து எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதைப் பொறுத்தது. இவர்கள் 40 டீலர்களைப் பிடிக்க ஒன்பது மாதம் ஆகும் என்று கணித்தார்கள். தேவைப்பட்டால் அதன்பிறகு முதலீடு தேட ஆறு மாதம். பேச்சு தொடங்கி, ஆவணங்கள் பார்த்து, பணம் வங்கிக்கு வர அவ்வளவு காலம் ஒதுக்குவது நல்லது. ஆக 15 மாதம். 22 லட்சத்தை 15-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 1,46,000 வரை குறையலாம். அதில் ஏற்கெனவே குறையும் 70,000 போனால், இருவரும் சேர்ந்து எடுக்கக்கூடிய உச்சம் 76,000.

கீழ் எல்லை 62,000, மேல் எல்லை 76,000. சம்பளம் இந்த இரண்டுக்கும் நடுவில். உங்கள் கணக்கில் மேல் எல்லை கீழ் எல்லையைவிடக் குறைவாக வந்தால், சம்பளத்தைக் குறைத்து அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அலுவலக வாடகை, ஆட்கள், விலை என்று வேறு எதையாவதுதான் மாற்றவேண்டும். அல்லது நிறுவனர்களில் ஒருவர் இன்னும் கொஞ்ச நாள் வெளி வேலையில் இருக்கவேண்டும்.

ஏன் பூஜ்யம் கூடாது

"நான் வீட்டோடு இருக்கேன், எனக்கு இப்போ எதுவும் வேண்டாம்" என்றார் இரண்டாமவர். எண்ணம் நல்லதுதான். ஆனால் அதில் ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது. நிறுவனர் சம்பளம் இல்லாமல் பார்த்தால் 25 டீலர்கள் வந்ததும் 1,25,000 செலவு அடைந்துவிடும், கம்பெனி சொந்தக் காலில் நிற்பதுபோலத் தெரியும். இருவர் சம்பளத்தையும் சேர்த்தால் சுமார் 39 டீலர்கள் வேண்டும். பூஜ்யச் சம்பளம் 14 டீலர்களின் தூரத்தைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. 5,000 என்ற விலை போதுமா என்பதையும் அது மறைக்கும். இரண்டு பேர் முழுநேர உழைப்பு விலையில் ஏறாமலே இருக்கும். சிறியதாக இருந்தாலும் ஒரு தொகை கணக்கில் ஏறவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அடுத்து, சமமா, வேறுவேறா? ஆளுக்கு 36,000 என்றால் மொத்தம் 72,000, பதினைந்தரை மாதம் தாங்கும். இடம் இருந்தது, ஆனால் இறுக்கம். 36,000, 30,000 என்று வைத்தால் 66,000, பதினாறு மாதத்துக்குச் சற்று மேல். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். உடனே முதலாமவர் கேட்டார், "அந்த 6,000 வித்தியாசத்தை இவருக்குக் கம்பெனி கடன்னு எழுதி வச்சிடலாமா?" கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் வேண்டாம் என்றேன். காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமானதும் அதுதான்.

எழுதி வைத்துவிட்டு எடுக்காமல் இருப்பது

என் முதல் கம்பெனியில் நான் இந்தத் தவறைச் செய்தேன். சம்பளம் என்று ஒரு பெரிய தொகையைப் போர்டு தீர்மானத்தில் எழுதினோம். கையில் பணம் இல்லாததால் கொஞ்சம்தான் எடுத்தேன், மீதி "பின்னால் தரவேண்டியது" என்று கணக்கில் ஏறிக்கொண்டே போனது. முதலீடு வந்ததும் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. வருட முடிவில் ஆடிட்டர் வரிக் கணக்கைக் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது.

சம்பளத்துக்கு வருமான வரி விதி இதுதான்: பணம் கைக்கு வந்ததா என்று சட்டம் பார்ப்பதில்லை. சேரவேண்டிய நாள் வந்துவிட்டாலே அது உங்கள் வருமானம். கம்பெனி டி.டி.எஸ். பிடிப்பது பணம் கொடுக்கும்போதுதான். கொடுக்காத சம்பளத்தில் எதுவும் பிடிக்கப்பட்டிருக்காது. அதனால் முழு வரியையும் நீங்களே உங்கள் கையிலிருந்து கட்டவேண்டும்.

எண்ணில் பார்ப்போம். தீர்மானத்தில் மாதம் 1.5 லட்சம், எடுத்தது 36,000 என்று வையுங்கள். வருடத்துக்கு 18 லட்சம் வருமானம் ஆகிறது. 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் 75,000 நிலையான கழிவு போக 17.25 லட்சம். அதற்கு வரி 1,45,000, செஸ் சேர்த்து 1,50,800. வருடம் முழுக்க உங்கள் கைக்கு வந்தது 4,32,000. நான்கு மாதத்துக்கு மேலான சம்பளம் வராத பணத்தின் வரிக்கே போய்விடும்.

தீர்மானத்திலேயே 36,000 என்று எழுதியிருந்தால்? வரி பூஜ்யம். அதே நிதியாண்டில் புதிய முறையில், வேறு வருமானம் இல்லாவிட்டால், 12.75 லட்சம் வரையான சம்பளத்துக்கு வரி வராது.

"அப்புறம் வேண்டாம்னு விட்டுக்கொடுத்துட்டா போச்சு" என்பார்கள். சேர்ந்துவிட்ட சம்பளத்தை விட்டுக்கொடுத்தாலும் உங்கள் வரி போகாது. கம்பெனி அதை முன்பே செலவாகக் காட்டியிருந்தால், விட்டுக்கொடுத்த தொகை கம்பெனிக்கு வருமானமாகத் திரும்பி வரும். முதலீட்டாளர் பக்கம் பார்த்தாலும் இதே கதை. புதிதாகப் பணம் போடுபவர் அது நிறுவனரின் பழைய பாக்கிக்குப் போவதை விரும்பமாட்டார். பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டு வாருங்கள் என்பதுதான் பெரும்பாலும் முதல் நிபந்தனை. நான் தள்ளுபடி செய்தேன். கட்டிய வரி திரும்பி வரவில்லை.

ஆகவே எடுக்கப்போகும் தொகையை மட்டும் எழுதுங்கள். குறைக்கவேண்டி வந்தால், அந்த மாதம் தொடங்கும் முன்பே புதிய தீர்மானம் போட்டுக் குறையுங்கள். மாதம் முடிந்தபின் குறைத்தால் அந்த மாதச் சம்பளம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. 6,000 வித்தியாசத்தைக் கடனாக எழுதவேண்டாம் என்றதும் இதற்காகத்தான். பெயரைக் கடன் என்று மாற்றினாலும் உள்ளே இருப்பது கொடுக்காத சம்பளம்.

எழுதாமல் எடுப்பது

இதற்கு நேர் எதிரான பழக்கமும் உண்டு. கடை வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து வருபவர்களுக்குக் கல்லாவிலிருந்து எடுப்பது இயல்பு. தனிநபர் வியாபாரத்தில் அது தவறும் இல்லை, கடையும் அவரும் சட்டத்துக்கு ஒருவரே. கம்பெனி என்பது வேறு ஆள். நீங்கள் எழுத்தில்லாமல் எடுத்தால் அது கம்பெனி இயக்குநருக்குக் கொடுத்த கடன். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 185-ஆம் பிரிவு இயக்குநருக்குக் கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. சில பிரைவேட் கம்பெனிகளுக்கு நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு, ஆனால் வேறொரு கம்பெனி உங்கள் கம்பெனியில் பங்கு வாங்கிவிட்டால் அந்த விலக்கு போய்விடும். அதோடு, பத்து சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை உள்ள பங்குதாரருக்குக் கம்பெனி கொடுக்கும் கடனை, சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு, வருமான வரித்துறை டிவிடெண்டாகவே கருதி வரி கேட்கலாம்.

"ஆலோசனைக் கட்டணம்" என்று பில் போட்டு எடுப்பதும் நல்ல வழி இல்லை. இயக்குநருக்குச் சம்பளமாக அல்லாமல் கட்டணமாகக் கொடுத்தால் முதல் ரூபாயிலிருந்தே 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கவேண்டும். இயக்குநர் என்ற முறையில் செய்த சேவைக்கு என்றால் கம்பெனியே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டவேண்டிவரும். ஊழியர் என்ற முறையில் வாங்கும் சம்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

கம்பெனி வேலைக்காக நீங்கள் போட்ட பெட்ரோல், தங்கிய லாட்ஜ் வாடகை, போன் பில் இவை சம்பளம் இல்லை. பில்லைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கினால் வீட்டுக் கணக்கிலிருந்து அந்தத் தொகையை எடுத்துவிடுங்கள், இரண்டு இடத்திலும் வரக்கூடாது.

எழுத்து வேலை

முதலில் கம்பெனியின் சங்க விதிகளைப் பாருங்கள். இயக்குநர் ஊதியத்தைப் போர்டு தீர்மானிக்கலாமா, பங்குதாரர் கூட்டம் தேவையா என்று அதில் இருக்கும். பப்ளிக் லிமிடெட் கம்பெனிகளுக்கு உள்ள, லாபத்தில் இத்தனை சதவீதம்தான் என்ற உச்சவரம்பு பிரைவேட் கம்பெனிக்கு இல்லை. அதனால் நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் சம்பளம் கொடுக்கலாம். முதலீட்டாளர் ஏற்கெனவே இருந்தால் ஒப்பந்தத்தைத் தேடிப் பாருங்கள். நிறுவனர் சம்பள உயர்வுக்கு அவர் சம்மதம் வேண்டும் என்ற வரி பெரும்பாலும் இருக்கும்.

அப்புறம் போர்டு தீர்மானம். எந்தத் தேதியிலிருந்து, மாதம் எவ்வளவு, முழுநேர இயக்குநராகச் செய்யும் வேலைக்கு என்று மூன்றும் அதில் வரவேண்டும். அதை ஒட்டி ஒரு நியமனக் கடிதம். ஊழியர்களுக்குச் சம்பளம் போகும் அதே நாளில் வங்கி வழியாக உங்கள் சொந்தக் கணக்குக்கு. சம்பளச் சீட்டும் எடுத்துவையுங்கள். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி முதலில் கேட்பது அதைத்தான். வரி பிடிக்கும் அளவுக்குச் சம்பளம் இருந்தால் பிடித்த டி.டி.எஸ்.ஸை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டவேண்டும், மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30.

எப்போது மாற்றுவது

அன்றைக்கே இரண்டு விதிகளை எழுதிவைத்தோம். கையிருப்பு இறுகிய நாளில் உட்கார்ந்து பேசினால் யார் குரல் உயர்கிறதோ அவர் சொல்வதுதான் நடக்கும் என்பதால் முன்கூட்டியே எழுதினோம். கையிருப்பு தாங்கும் மாதங்கள், இன்னும் தேவைப்படும் மாதங்களைவிடக் குறைந்தால் அடுத்த மாதத்திலிருந்து இருவருக்கும் 20 சதவீதம் குறைப்பு, அதுவும் இரண்டு மாதத்துக்கு மட்டும். அதற்குள் வேறு செலவு ஒன்றை வெட்டவேண்டும். உயர்த்துவதென்றால், உயர்த்திய பிறகும் தேவையைவிட இரண்டு மாதமாவது கூடுதலாகத் தாங்கவேண்டும்.

இடையில் கவனிக்கவேண்டிய அறிகுறிகள் சில. கிரெடிட் கார்டு பாக்கியை மாதக் கடைசியில் முழுதாக அடைக்க முடியவில்லை என்றால் வீட்டுக் கணக்கு தவறு, சம்பளம் குறைவு. சம்பள நாளைச் சமாளிக்க ஜி.எஸ்.டி.யைத் தள்ளிப்போட்டால் சம்பளம் அதிகம், அல்லது கையிருப்பில் அடுத்தவர் பணம் மீண்டும் கலந்துவிட்டது.

நான்கு மாதம் கழித்துக் கணக்கைத் திரும்பப் பார்த்தார்கள். டீலர்கள் 15 ஆகியிருந்தார்கள். நான்கு மாதத்தில் வந்த பணம் 60,000, 70,000, 75,000, 75,000. கையிருப்பு 17,16,000. கடைசி மூன்று மாதச் சராசரி வரவை வைத்துப் பார்த்தால் மாதம் சுமார் 1,17,700 குறைகிறது, பதினான்கரை மாதம் தாங்கும். தேவை இன்னும் 11 மாதம். இரண்டாமவர் சம்பளத்தையும் 36,000 ஆக்கினால் பதினான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். விதிப்படி இடம் இருந்தது. அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து அமலாகும்படி அன்றே தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். முந்தைய நான்கு மாத வித்தியாசமான 24,000-ஐப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.